முன்னும் பின்னும்: ஒரே மாணவரின் இரு புள்ளிகளை ஒப்பிடும் இணை டி-சோதனை

தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களும் ஆசிரியர் பயிற்சி மாணவர்களும் எழுதும் செயலாய்வு அறிக்கைகளில் ஓர் அமைப்பு மீண்டும் மீண்டும் வருகிறது. முதலில் ஒரு முன்சோதனை. அடுத்துச் சில வாரங்களுக்குப் புதிய கற்பித்தல் முறை. இறுதியில் அதே மாணவர்களுக்கு ஒரு பின்சோதனை. இரண்டு சராசரிகளையும் பட்டை வரைபடமாக அருகருகே நிறுத்தி, பின்னது உயர்ந்திருப்பதைக் காட்டி, முறை பயன் தந்தது என்று அறிக்கை முடியும். அந்த உயர்வை நம்பலாமா, நம்பினாலும் அதற்குக் காரணம் அந்த முறைதான் என்று சொல்லலாமா என்பவை வேறுவேறு வினாக்கள். முதல் வினாவுக்கு விடை தரும் கருவியே இணை டி-சோதனை. இரண்டாம் வினாவுக்கு அதனிடம் விடை இல்லை. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதால்தான் பயனற்ற முறைகள் ஆண்டுக்கணக்கில் வகுப்பறைகளில் நிலைத்துவிடுகின்றன; பயனுள்ளவை சில கைவிடப்படுகின்றன. பாடவேளையை இழப்பவர் மாணவரே.

ஓர் எடுத்துக்காட்டைக் கையால் கணக்கிட்டுப் பார்ப்போம். எண்கள் விளக்கத்திற்காக நாம் அமைத்துக்கொண்டவை. கோத்தா திங்கி வட்டாரத்தில் ஒரு சிறிய தமிழ்ப்பள்ளி. நான்காம் ஆண்டில் பத்தே மாணவர்கள். லகர, ளகர, ழகர வேறுபாட்டில் அவர்கள் தடுமாறுகிறார்கள். தலை, தளை, தழை என்னும் மூன்றையும் ஒன்றுபோலவே ஒலித்து ஒன்றுபோலவே எழுதுகிறார்கள். நாக்கு எங்கே தொடுகிறது, எங்கே வளைகிறது என்பதை உணர்த்தி ஒலிக்கப் பழக்கிய பிறகே எழுதச் செய்யும் முறையை ஆசிரியர் ஆறு வாரம் கையாளுகிறார். இருபது சொற்கள் கொண்ட சொல்வதெழுதுதல் முன்னும் பின்னும் நடத்தப்படுகிறது. சொல்லுக்கு ஒரு புள்ளி.

மாணவர் 1 முதல் 10 வரை முறையே,

முன்சோதனை: 6, 9, 11, 8, 14, 5, 12, 10, 16, 9

பின்சோதனை: 9, 11, 12, 12, 14, 10, 14, 9, 17, 12

முன்சோதனைச் சராசரி 10. பின்சோதனைச் சராசரி 12. இரண்டு புள்ளி உயர்வு. இது முறையின் விளைவா, அல்லது எந்த நாளில் எந்தத் தேர்வு வைத்தாலும் இப்படியும் அப்படியும் ஆடும் ஆட்டத்தின் ஒரு பகுதியா?

இந்த இடத்தில் பலர் கைக்கொள்ளும் வழி, இரண்டு வரிசைகளையும் இரு வேறு குழுக்கள்போல் எண்ணி ஒப்பிடுவது. அவ்வாறு செய்தால், ஒவ்வொரு வரிசைக்குள்ளும் மாணவருக்கு மாணவர் உள்ள பெரிய வேற்றுமை குறுக்கே வந்து நிற்கும். முன்சோதனையில் ஒருவர் 5 பெற்றார், மற்றொருவர் 16 பெற்றார். இத்தனை அகன்ற பரவலுக்கு நடுவே இரண்டு புள்ளி உயர்வு கண்ணுக்குத் தெரியாமல் மறைந்துபோகிறது. இரு தனிக் குழுக்களுக்குரிய டி-சோதனையில் கிடைக்கும் எண் 1.50. பத்துப்பத்துப் பேர் கொண்ட இரு குழுக்களுக்கு அந்த எண் 2.10-ஐத் தாண்ட வேண்டும். தாண்டவில்லை, எனவே முறை பயன் தந்ததற்குச் சான்றில்லை என்று அந்த ஆசிரியர் எழுத நேரும்.

ஆனால் 5 பெற்றவருக்கும் 16 பெற்றவருக்கும் உள்ள வேற்றுமை நமது வினாவுக்குத் தொடர்புடையதே அன்று. வீட்டில் பேசும் மொழி, வாசிப்புப் பழக்கம், மழலையர் பள்ளிக் கல்வி என்று அதற்கு ஆயிரம் காரணங்கள். அவை முன்சோதனையிலும் பின்சோதனையிலும் அந்த மாணவரோடு சேர்ந்தே வருகின்றன. ஒருவரின் பின்புள்ளியிலிருந்து அவருடைய முன்புள்ளியையே கழித்துவிட்டால், இரண்டிலும் பொதுவாக இருப்பது நீங்கிவிடும். எஞ்சுவது மாற்றம் மட்டுமே. இணை டி-சோதனையின் உயிர்நிலை இந்தக் கழித்தலில்தான் உள்ளது; மற்றவை அனைத்தும் அதன்பின் வரும் கணக்கு.

கழித்தால் கிடைக்கும் பத்து வேறுபாடுகள்:

3, 2, 1, 4, 0, 5, 2, −1, 1, 3

கூட்டினால் 20, சராசரி 2. இனி இந்தப் பத்து எண்களும் தம் சராசரியிலிருந்து எவ்வளவு விலகி நிற்கின்றன என்று பார்க்கிறோம். விலகல்கள் முறையே 1, 0, −1, 2, −2, 3, 0, −3, −1, 1. இவற்றின் வர்க்கங்களைக் கூட்டினால் 30. இதைப் பத்தால் வகுக்காமல் ஒன்பதால் வகுக்கிறோம். சராசரியை இதே எண்களிலிருந்து எடுத்துக்கொண்டபடியால் ஒன்பது விலகல்கள் தெரிந்தாலே பத்தாவது தானே தெரிந்துவிடும். தன்னுரிமையுடன் மாறக்கூடியவை ஒன்பதே. இதைக் கட்டின்மைக் கூறு என்பர். 30-ஐ 9-ஆல் வகுக்க 3.33, அதன் வர்க்கமூலம் 1.83. இதுவே வேறுபாடுகளின் திட்ட விலக்கம். இதனைப் பத்தின் வர்க்கமூலமாகிய 3.16-ஆல் வகுத்தால் 0.577 வரும். இது சராசரியின் திட்டப் பிழை. அதாவது, இதுபோன்ற பத்துப் பேரை மீண்டும் மீண்டும் எடுத்து இதே ஆய்வை நடத்தினால் சராசரி உயர்வு இயல்பாக எவ்வளவு ஆடும் என்பதற்கான அளவு. கடைசியாக, கண்ட உயர்வை அந்த ஆட்டத்தால் வகுக்கிறோம்.

```
t = 2 / 0.577 = 3.46
```

மாற்றம் உண்மையில் சுழியமே என்று வாதத்துக்காகக் கொள்வதை இன்மைக் கருதுகோள் என்கிறோம். அது உண்மையாயின், ஒன்பது கட்டின்மைக் கூறுகளுக்கு இந்த எண் 2.262-ஐ இரு திசைகளிலும் தாண்டுவது நூற்றுக்கு ஐந்து முறைதான் நிகழும், 3.250-ஐத் தாண்டுவது நூற்றுக்கு ஒரு முறை. நமக்குக் கிடைத்தது 3.46. மாற்றம் ஏதுமில்லை என்னும் கருத்தைக் கைவிடுவதற்கு இது போதிய சான்று. எண்கள் அதே எண்கள்; கழித்த பின் கணக்கிட்டதால் மட்டும் 1.50 என்பது 3.46 ஆயிற்று.

இந்த முறையின் தோற்றமும் ஓர் இணைத் தரவோடு தொடர்புடையதே. டப்ளின் நகரத்துக் கின்னஸ் மதுவடிப்பு ஆலையில் பணியாற்றிய வில்லியம் சீலி காசெட் 1908-இல் 'பயோமெட்ரிகா' இதழில் வெளியிட்ட கட்டுரையில், பத்து நோயாளிகளுக்கு இரு வேறு உறக்க மருந்துகள் தந்த கூடுதல் உறக்க நேரத்தை எடுத்துக்காட்டாக ஆண்டார். இரண்டு மருந்துகளையும் அதே பத்துப் பேரே உட்கொண்டனர். ஆகவே ஒவ்வொருவருக்குள்ளும் கழித்துப் பார்க்க முடிந்தது. இரண்டாம் மருந்து சராசரியாக 1.58 மணி நேரம் மிகுதியாக உறங்கச் செய்தது. இன்றைய முறையில் கணக்கிட்டால் டி-எண் 4.06. கட்டுரையாளர் பெயராக அவர் இட்டுக்கொண்டது 'ஸ்டூடன்ட்', அதாவது மாணவர், என்னும் புனைபெயர். முன்சோதனை, பின்சோதனை எழுதும் நம் மாணவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் அமையாது.

விரிதாளில் இதனைச் செய்வோர் முன்புள்ளிகளை B நிரலிலும் பின்புள்ளிகளை C நிரலிலும் இட்டு இந்த ஒரு வரியை எழுதினால் போதும்:

```
=T.TEST(B2:B11,C2:C11,2,1)
```

விடையாக வருவது டி-எண் அன்று. மாற்றமே இல்லாதிருந்தால் இவ்வளவோ இதைவிட மிகுதியாகவோ வேறுபாடு தோன்றுவதற்கான நிகழ்தகவு. நம் எண்களுக்கு அது ஏறத்தாழ 0.007. கடைசியில் உள்ள 1 என்பதுதான் இணை என்பதைக் குறிக்கிறது. அவ்விடத்தில் 2 என்று இட்டால் கருவி முறையிடாது. இரு தனிக் குழுக்களாகவே எண்ணி 0.15 என்று விடை சொல்லும். அறிக்கையில் வரும் எண் இணைச் சோதனையினுடையதுதானா என்று அறிய எளிய வழி, கட்டின்மைக் கூற்றைப் பார்ப்பது. பத்து மாணவருக்கு 9 என்றிருந்தால் இணை. 18 என்றிருந்தால் இணைப்பு கைவிடப்பட்டிருக்கிறது.

நிகழ்தகவு 0.007 என்று மட்டும் எழுதி நிறுத்துவதை நாம் விரும்புவதில்லை. ஆசிரியருக்கு வேண்டியது எவ்வளவு உயர்வு என்பது. திட்டப் பிழையை 2.262-ஆல் பெருக்கினால் 1.31. உயர்வாகிய 2-லிருந்து அதைக் கழித்தும் கூட்டியும் பார்த்தால், உண்மை உயர்வு 0.7 புள்ளிக்கும் 3.3 புள்ளிக்கும் இடையில் இருக்கலாம் என்று 95 விழுக்காட்டு நம்பிக்கையுடன் சொல்லலாம். இருபது சொல்லில் ஒரு சொல்கூட முழுதாக உயரவில்லை என்பதும், மூன்று சொல்லுக்கு மேல் உயர்ந்தது என்பதும் இந்தத் தரவோடு பொருந்துகின்றன. ஆறு வார உழைப்புக்கு அது போதுமா என்பதைக் கணக்கு முடிவு செய்யாது; ஆசிரியரே முடிவு செய்ய வேண்டும்.

கணக்கு சரியாக இயங்குவதற்கு ஒரு நிபந்தனை உண்டு. வேறுபாடுகள் ஏறத்தாழ இயல்நிலைப் பரவலில் அமைய வேண்டும்; முன்புள்ளிகளோ பின்புள்ளிகளோ அவ்வாறு அமைய வேண்டும் என்பதில்லை. சிறிய குழுவில் ஒரே ஒரு மாணவர் இதைக் குலைத்துவிட முடியும். 5 புள்ளி பெற்ற ஆறாம் மாணவர் பின்சோதனையில் 10-க்குப் பதிலாக 20-க்கு 20 பெற்றார் என்று வைத்துக்கொள்வோம். சராசரி உயர்வு 2-லிருந்து 3 ஆகிறது. முறை மேலும் சிறந்ததாகத் தோன்ற வேண்டும் அல்லவா? ஆனால் வேறுபாடுகளின் திட்ட விலக்கம் 1.83-லிருந்து 4.47-க்குத் தாவுகிறது, டி-எண் 2.12 ஆகச் சுருங்கி, 2.262-ஐ எட்டாமல் நின்றுவிடுகிறது. உயர்வு கூடியும் சான்று குறைகிறது. கணக்கிடுவதற்கு முன் வேறுபாடுகளை ஒரு கோட்டின்மேல் புள்ளிகளாக இட்டுப் பார்த்தால் இத்தகைய எண் தனித்து நிற்பது உடனே தெரியும். அந்த மாணவரை நீக்கிவிடுவது விடையாகாது. அவர் உண்மையிலேயே அவ்வளவு கற்றாரா, அருகிலிருந்தவரைப் பார்த்து எழுதினாரா, முன்சோதனை நாளில் காய்ச்சலோடு இருந்தாரா என்று விசாரிப்பதே முதல் வேலை.

இனி இரண்டாம் வினாவுக்கு வருவோம். மாற்றம் நிகழ்ந்தது என்று ஏற்றுக்கொண்டோம். அதற்குக் காரணம் கற்பித்தல் முறையா?

நமது பத்து வேறுபாடுகளை மீண்டும் நோக்குக. மிகுதியாக உயர்ந்தவர் யார்? 5 பெற்றவர் ஐந்து உயர்ந்தார். 8 பெற்றவர் நான்கு. 6 பெற்றவர் மூன்று. 14 பெற்றவர் அசையவே இல்லை; 16 பெற்றவர் ஒன்றே உயர்ந்தார். புதிய முறை பின்தங்கியோருக்கே பெரிதும் உதவுகிறது என்று எழுதத் தோன்றும். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் எந்த முறையும் கையாளாமலே இதே தோற்றம் உண்டாக முடியும். ஒருவர் பெறும் புள்ளியில் அவருடைய நிலையான திறனும் அந்நாளைய ஆட்டமும் கலந்திருக்கின்றன. மிகக் குறைந்த புள்ளி பெற்றோர் கூட்டத்தில், திறன் குறைந்தோருடன் அன்றைக்கு மட்டும் சறுக்கியோரும் சேர்ந்திருப்பர். மறுமுறை எழுதும்போது அந்தச் சறுக்கல் அவர்களிடம் அப்படியே திரும்ப வருவதில்லை. எனவே கூட்டத்தின் சராசரி தானே ஏறும். உச்சியில் உள்ளோரின் சராசரி அதே காரணத்தால் சற்று இறங்கும். இதனைச் சராசரி நோக்கிய பின்வாங்கல் என்று சொல்லலாம். பெற்றோர் உயரத்தையும் பிள்ளைகள் உயரத்தையும் ஒப்பிட்டு 1886-இல் பிரான்சிஸ் கால்டன் விளக்கியது இதனையே.

வகுப்பு முழுவதையும் எடுத்துக்கொண்டால் இந்த ஏற்றமும் இறக்கமும் பெரும்பாலும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். குறைநீக்கல் வகுப்பில்தான் ஆபத்து. நம் ஆசிரியர் முன்சோதனையில் 9-உம் அதற்குக் கீழும் பெற்ற ஐவரை மட்டும் தேர்ந்து ஆய்வு செய்திருந்தால், அவர்களுடைய வேறுபாடுகள் 3, 2, 4, 5, 3. சராசரி 3.4, டி-எண் 6.67. எஞ்சிய ஐவருக்குச் சராசரி 0.6-உம் டி-எண் 1.18-உம் மட்டுமே. மாணவர் தொகை பாதியாகியும் சான்று இரட்டிப்பாயிற்று என்றால் நாம் மகிழ்வதற்கு முன் ஐயுற வேண்டும். அந்த 3.4-இல் எவ்வளவு கற்பித்தலின் பயன், எவ்வளவு தேர்ந்தெடுத்த விதத்தின் பயன் என்பதை இந்தச் சோதனை பிரித்துச் சொல்லாது. குறைந்த புள்ளி பெற்றோரையே தேர்ந்து நடத்தும் செயலாய்வுகள் ஏறக்குறைய எப்போதும் வெற்றியில் முடிவதற்கு இது ஒரு காரணம் என்பது எம் கருத்து.

பிரித்தறிய வழி உண்டு. அதுவும் எளிய வழி. முன்சோதனையை இரண்டு முறை நடத்துக. முதலாவதைக் கொண்டு மாணவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஓரிரு வாரம் கழித்து, கற்பித்தல் தொடங்குமுன், அவர்களுக்கே இரண்டாவதை நடத்தி அதையே கணக்கிற்குரிய முன்புள்ளியாகக் கொள்ள வேண்டும். முதலாவதற்கும் இரண்டாவதற்கும் இடையே ஏறிய அளவில் கற்பித்தலுக்குப் பங்கில்லை. அதன்பின் ஏறுவதில் இந்த மாயை பெரிதும் நீங்கியிருக்கும். சொற்பட்டியலிலும் கவனம் வேண்டும். முன்னும் பின்னும் ஒரே இருபது சொற்களைக் கொடுத்தால் நினைவாற்றலை அளக்கிறோம்; வேறு இருபதைக் கொடுத்தால் பின்னது எளிதாக அமைந்துவிட்டதோ என்ற ஐயம் எழும். அ, ஆ என இரு பட்டியல்களை ஆயத்தம் செய்து, பாதிப் பேருக்கு அ முதலிலும் ஆ பின்பும், மறுபாதிக்கு ஆ முதலிலும் அ பின்பும் கொடுத்துவிட்டால், ஒரு பட்டியல் எளிதாக இருந்தாலும் அது இரு பக்கமும் சமமாகப் பகிர்ந்துவிடும்.

இவற்றையெல்லாம் செய்தபின்னும் ஒன்று எஞ்சும். ஆறு வாரத்தில் குழந்தை வழக்கமான பாடத்தாலேயே கொஞ்சம் கற்றிருக்கும். அதை அறியப் புதிய முறையைப் பெறாத ஒரு குழுவும் வேண்டும். இரு குழுக்களின் உயர்வுகளை ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டும். குழுக்களை யார், எப்படிப் பிரிப்பது என்பதில்தான் நல்ல உள்ளம் படைத்த ஆசிரியர்கள் வழுக்கி விழுந்த வரலாறு ஒன்று உண்டு. 1930-இல் ஸ்காத்லாந்தின் லானார்க்ஷயர் பகுதியில் 67 பள்ளிகளைச் சேர்ந்த இருபதாயிரம் மாணவரிடம் பால் வழங்கும் ஆய்வு நடந்தது. பத்தாயிரம் பேருக்கு நான்கு மாதம் பால். மற்றப் பத்தாயிரம் பேருக்கு இல்லை. தொடக்கத்திலும் முடிவிலும் உயரமும் எடையும் அளக்கப்பட்டன. ஒரு குழுவில் நல்ல ஊட்டம் பெற்றோரோ மெலிந்தோரோ அதிகமாகச் சேர்ந்துவிட்டதாகத் தோன்றினால் பள்ளியிலேயே மாற்றிக்கொள்ளலாம் என்று இசைவு தரப்பட்டிருந்தது. பால் வேண்டிய ஏழைக் குழந்தைக்கே பால் போய்ச் சேரட்டும் என்று ஆசிரியர் மனம் சாய்ந்திருக்க வேண்டும். பால் பெறாத குழு தொடக்கத்திலேயே உயரமும் எடையும் கூடியதாக அமைந்துவிட்டது. மேலும், குழந்தைகளை உடையோடு நிறுத்தது குளிர்காலத்தில் ஒரு முறை, கோடையில் ஒரு முறை. வசதியுள்ள குழந்தை கழற்றிய கம்பளியின் எடை அதன் வளர்ச்சியிலிருந்து குறைந்துபோனது. கழற்றுவதற்குக் கம்பளியே இல்லாத குழந்தைக்கு அந்த இழப்பில்லை. 1931-இல் இந்தக் குறைகளை எடுத்துக்காட்டிய அதே 'ஸ்டூடன்ட்', ஒத்த இரட்டையர் ஐம்பது இணைகளைக் கொண்டு, எவருக்குப் பால் என்பதை நாணயம் சுண்டி முடிவு செய்திருந்தால் மிகக் குறைந்த செலவில் மேலான விடை கிடைத்திருக்கும் என்று எழுதினார். இருபதாயிரம் பேர் தராத தெளிவை ஐம்பது இணைகள் தந்திருக்கும்.

நம் வட்டாரத்துக்கே உரிய ஓர் இடர் இன்னும் இருக்கிறது. வடகிழக்குப் பருவமழையில் ஜொகூர் ஆறு பெருகினால் கோத்தா திங்கியின் தாழ்ந்த பகுதிகள் நீரில் மூழ்கும். 2006 டிசம்பரிலும் 2007 சனவரியிலும் கண்ட பெருவெள்ளத்தை இவ்வூரார் மறக்கமாட்டார்கள். அத்தகைய காலத்தை ஒட்டிப் பின்சோதனை அமைந்தால் சிலர் வாரார். ஒரு புள்ளி மட்டுமே உள்ளவரைக் கழிக்க வழியில்லை. இணை டி-சோதனை அவரை முழுவதுமாக விட்டுவிடும். பத்து எட்டாகும்; கட்டின்மைக் கூறு ஏழாகும்; தாண்ட வேண்டிய எண் 2.262-லிருந்து 2.365-க்கு உயரும். இந்தக் கணக்கு இழப்பு சிறிது. வாராதவர் யார் என்பதே பெரிது. ஆற்றோரத்து வீடுகளிலிருந்து வருவோரே பெரும்பாலும் தவறியிருப்பர். புத்தகமும் நனைந்து, பாடமும் விடுபட்டவர் அவர்களே. எஞ்சிய எட்டுப் பேரின் உயர்வு அவர்களையும் சேர்த்துப் பேசாது. ஆகவே அறிக்கையில் எத்தனை பேர் முன்சோதனை எழுதினர், எத்தனை பேர் இரண்டும் எழுதினர், விடுபட்டோரின் முன்புள்ளிகள் யாவை என்னும் மூன்றையும் டி-எண்ணுக்கு முன்பாகவே எழுதிவிட வேண்டும். விடுபட்டோரின் முன்சோதனைச் சராசரி 10-ஐ ஒட்டியே இருந்தால், முன்புள்ளி அளவிலேனும் அவர்கள் மற்றவரைப் போன்றவர் எனலாம். 6, 7 என்று தாழ்ந்து நின்றால், வெள்ளம் வடிந்தபின் அவர்களுக்குத் தனியே நாள் குறித்துப் பின்சோதனையை நடத்திவிட்டே கணக்கிடத் தொடங்க வேண்டும்.